புதிதாகத் திறக்கும் தெரு பேக்கரிக்கு முதல் வாரக் கேப்ஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாழக்கிழமை கடை திறக்கிறோம். திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஏழு போஸ்ட் போடணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மாஸ்டரிடமிருந்து. போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள், எந்தச் சரக்கு எத்தனை மணிக்கு இறங்கும், ஒரு தடவைக்கு எத்தனை வரும் என்று கேட்டு எழுதுங்கள். பேக்கரி கேப்ஷன் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரை, ட்ரே சூடாக இருக்கும் நேரத்தில் கடை வாசலுக்கு வரவைப்பது. நாலு மணிக்கு இறங்கும் பஃப்ஸை காலை ஒன்பது மணிக்குப் படம் போட்டு "வாங்க வாங்க" என்றால், பத்து மணிக்கு வந்தவர் காலி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் திருப்பாப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில் ஒரு சின்ன பேக்கரி. ஒரு ஓவன், ஒரு மாஸ்டர், உதவிக்கு ஒரு தம்பி. அவர்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான்: காலை ஆறரைக்கு பன், எட்டரைக்கு பிரெட், மதியத்துக்குள் டீ கேக், சாயந்திரம் நாலு மணிக்கு பஃப்ஸ்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எட்டரைக்கு பிரெட் இறங்கினாலும் அதை உடனே ஸ்லைஸ் போட முடியாது, உள்ளே ஆவி அடங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆறவேண்டும், இல்லாவிட்டால் கத்தியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும், கவரில் போட்டால் வேர்த்துச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆக "சுடச்சுட ஸ்லைஸ் பிரெட்" என்று எழுதவே கூடாது, "பதினொன்றரை மணியிலிருந்து ஸ்லைஸ் பிரெட்" என்பதுதான் சரி. இன்னொன்று ரஸ்க். அது முந்தின நாள் பிரெட்டை வெட்டி, குறைந்த சூட்டில் மறுபடி ஓவனில் காயவைத்து எடுப்பது. வியாழன் திறக்கும் கடையில் வியாழன் அன்று ரஸ்க் இருக்க வழியில்லை. வியாழன் பிரெட்டை வெள்ளிக்கிழமை வெட்டி, ராத்திரி ஓவன் ஓய்ந்த பிறகு காயவைத்தால், சனிக்கிழமை காலை ரஸ்க் கிடைக்கும். பாருங்கள், சனிக்கிழமைக் கேப்ஷன் தானாகவே கையில் வந்துவிட்டது.

திறக்கிறதுக்கு முன்னாடி மூணு நாளும் "விரைவில்"னு ஒரு படம் போட்டா போதாதா?

போதாது. "விரைவில்" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்த மூன்று நாளில் தெருக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கே, எப்போது, என்ன விலை என்பவைதான். ஒவ்வொன்றையும் ஒரு நாளுக்கு வையுங்கள்.

திங்கள், கடையின் ஷட்டரும் பக்கத்து அடையாளமும் தெரியும் ஒரு படம்:

> திருப்பாப்புலியூர்ல பாடலீஸ்வரர் கோயில் பக்கம் புது பேக்கரி. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறக்கிறோம். பன், பிரெட், பஃப்ஸ், டீ கேக் எல்லாம் இங்கேயே சுடறது, வெளியிலேர்ந்து வாங்கி விக்கிறது இல்ல. கோயில்லேர்ந்து வர்ற வழி அடுத்த படத்துல இருக்கு.

"இங்கேயே சுடறது" என்பது முக்கியம், ஏனென்றால் பேக்கரி என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் பல, வேறு இடத்திலிருந்து வேனில் வரும் சரக்கை விற்பவை. உங்களிடம் ஓவன் இருக்கிறதென்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள்.

செவ்வாய், ஓவனைச் சோதிக்க முதல்முறை சுட்டுப் பார்த்த பன் படம். இதில் ஒரு கேள்வி கேட்கலாம், ஆனால் வருகிற பதிலை வைத்து நீங்கள் ஏதாவது செய்யக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "உங்களுக்குப் பிடித்த கேக் எது?" என்று கேட்டால் பத்து பேர் பத்து கேக் சொல்வார்கள், அதில் எட்டு உங்களிடம் இருக்காது.

> இன்னிக்கு ஓவன் சோதனை. இது விற்பனைக்கு இல்ல, மாஸ்டரும் நாங்களும் சாப்பிட்டுப் பார்த்தோம். உங்க வீட்ல சாயந்திரம் டீ எத்தனை மணிக்கு? மூன்றரையா, நாலரையா, ஆறா? அதுக்கு அரைமணி முன்னாடி பஃப்ஸ் இறங்கற மாதிரி வெச்சுக்கிறோம்.

இருபது பேர் பதில் போட்டால்கூட அது உபயோகமான தகவல். பாதிப் பேர் ஆறு மணி என்றால், பஃப்ஸை இரண்டு தடவையாகப் பிரித்து, இரண்டாவதை ஐந்தரைக்கு இறக்கலாம்.

புதன், விலைப் பலகை. நிறைய பேர் விலையை கேப்ஷனில் எழுதத் தயங்குகிறார்கள். எழுதுங்கள். தெரு பேக்கரிக்கு வரப்போகிறவர் மனசுக்குள் முதலில் கேட்பது அதைத்தான், "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்றால் அவர் கேட்கமாட்டார், பழைய கடைக்கே போய்விடுவார்.

> பன் 10, தேங்காய் பன் 25, வெஜ் பஃப்ஸ் 20, முட்டை பஃப்ஸ் 22, பிரெட் 400 கிராம் 50 ரூபாய். நாளைக்குக் காலை ஏழுக்குத் திறப்பு. ஜிபே உண்டு, ஆனா பன்னுக்குச் சில்லறையாக் கொண்டுவந்தா எங்களுக்குச் சௌகரியம்.

திறப்பு நாளைக்கு "முதல் நூறு பேருக்கு இலவசம்"னு போடலாமா? எல்லாரும் போடறாங்களே?

நான் வேண்டாம் என்பேன். கணக்கைப் பாருங்கள். நம் கடை ஓவனில் ஒரு தடவைக்கு நாலு ட்ரே, ட்ரேக்கு 24 பன், ஆக 96. வேகிறது பதினைந்து நிமிஷம்தான், ஆனால் மாவு பிசைந்து, உருட்டி, உப்ப விட்டு எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிகாலையில் இரண்டு தடவை போட்டால் 192 பன். அன்றைக்குப் பூஜை இருக்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள், கொத்தனார், எலெக்ட்ரீசியன் என்று கடை கட்டிக்கொடுத்தவர்கள் வருவார்கள், அவர்களுக்கே ஐம்பது போய்விடும். மீதி நூற்றுச் சொச்சத்தை இலவசமாகக் கொடுத்தால், பக்கத்துத் தெருவிலிருந்து பத்து ரூபாயோடு வந்த பாட்டிக்கு பன் இல்லை. தினம் வரப்போகிறவர் அவர்தான், இலவசத்துக்கு வண்டியில் வந்தவர் இல்லை.

ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வாங்குகிறவருக்குக் கூடவே ஒன்று என்று வையுங்கள், எண்ணிக்கையையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்:

> இன்னிக்குக் காலை ஏழு மணிக்குத் திறந்தாச்சு. 140 பன் இருக்கு, அடுத்த ட்ரே மூணு மணிக்கு. பிரெட் வாங்கறவங்களுக்கு ஒரு பன் எங்க செலவுல, இன்னிக்கு மட்டும், முதல் 30 பிரெட்டுக்கு. ஸ்லைஸ் போட்ட பிரெட் பதினொன்றரைக்கு மேல.

எண்ணிக்கை போட்டால் கூட்டம் குறைந்துவிடும் என்று பயப்படவேண்டாம். ஒன்பது மணிக்கு வந்து பன் கிடைக்காதவர், 140 என்று நீங்கள் முன்னாலேயே சொல்லியிருந்தால், மூணு மணிக்கு வருகிறேன் என்று போவார். சொல்லாமல் இருந்திருந்தால் "திறந்த அன்னைக்கே ஒண்ணும் இல்ல" என்பார், அந்தப் பேச்சு ஒரு தெருவில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேப்ஷன் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இன்ஸ்டாகிராம் 2200 எழுத்து வரை விடும், ஆனால் ஸ்க்ரோல் பண்ணுகிறவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான், மீதியைப் பார்க்க அவர் தட்டவேண்டும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் அந்த இரண்டு வரியில் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் நிற்காது. அந்த இடத்தை வாழ்த்துக்கும் வணக்கத்துக்கும் செலவழித்தால் பன்னும் மணியும் மடிப்புக்குள் போய்விடும். "அனைவருக்கும் இனிய காலை வணக்கம், உங்கள் பேராதரவுடன்" என்று ஆரம்பிக்கும் போஸ்ட்டில் கடைசி வரியில் "நாலு மணிக்கு பஃப்ஸ்" என்று இருக்கும். அதைத் தலைகீழாகப் போடுங்கள், நாலு மணி முதலில் வரட்டும், வணக்கம் கடைசியில் இருந்தால் போதும்.

ஹேஷ்டேக் மூன்று நாலு போதும், `#cuddalore` ஒன்று, ஏரியா பெயர் ஒன்று, சரக்கின் பெயர் ஒன்று. அதைவிட, போஸ்ட் போடும்போது இடத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். மேப் லிங்க்கை இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டினால் அது தட்டினாலும் திறக்காது, புரொஃபைல் பகுதியில்தான் வைக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்கும்.

"சுத்தமான வெண்ணெய்ல செஞ்சது", "பிரிசர்வேட்டிவ் இல்லை", "நேச்சுரல்" இப்படியெல்லாம் எழுதலாமா?

உண்மையாக இருந்தால்கூட யோசித்து எழுதுங்கள், உண்மை இல்லையென்றால் எழுதவே எழுதாதீர்கள். பஃப்ஸ் மடிப்புக்குப் பெரும்பாலான பேக்கரிகளில் போவது மார்ஜரின், பட்டர் பிஸ்கட் என்ற பெயரில் விற்கும் பலதில் போவது டால்டா. அதில் ஒளிக்க எதுவும் இல்லை, அந்த விலைக்கு அதுதான் கட்டும். ஆனால் கேப்ஷனில் "வெண்ணெய்" என்று எழுதிவிட்டால் அது பொய்யான விளம்பரம். பிரெட்டும் அப்படித்தான். பூஞ்சை பிடிக்காமல் இருக்க கால்சியம் புரோபியனேட் சேர்ப்பது அனுமதிக்கப்பட்ட, வழக்கமான விஷயம், சேர்த்துவிட்டு "பிரிசர்வேட்டிவ் இல்லை" என்று போடக்கூடாது. மாஸ்டர் வாங்கும் பிரெட் இம்ப்ரூவர் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் "எதுவும் சேர்ப்பதில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் கொண்டுவந்த விளம்பரம், உரிமைகோரல் விதிமுறைகளில் நேச்சுரல், ஃப்ரெஷ், ப்யூர் மாதிரியான சொற்களுக்கே நிபந்தனைகள் இருக்கின்றன. பேக்கரிக்கு அந்தச் சொற்கள் தேவையும் இல்லை. "நாலு மணிக்கு ஓவன்லேர்ந்து இறங்கினது" என்பதைவிட "ஃப்ரெஷ்" என்ன அதிகமாகச் சொல்லிவிடும்?

"எங்கள் பிரெட்டில் பொட்டாசியம் புரோமேட் இல்லை" என்று சிலர் பெருமையாகப் போடுகிறார்கள். அந்த ரசாயனம் 2016-லேயே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது, யார் பிரெட்டிலும் இருக்கக்கூடாதது. அதை உங்கள் சிறப்பாகச் சொன்னால் மற்ற கடைக்காரர்களைக் குற்றம் சொல்வது மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் கடையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைப் புரொஃபைலில் போட்டுவையுங்கள், கேட்கிறவர்களுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை எதைப் போடறது? எங்க ஏரியால கோயிலுக்குப் போறவங்க ஜாஸ்தி.

முட்டை சேர்க்காத சரக்கைப் போடுங்கள். வெள்ளி சாயந்திரம் கோயிலுக்குப் போய்விட்டு உங்கள் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு அன்றைக்கு முட்டை ஆகாது, சிலருக்கு எந்த நாளும் ஆகாது. புரட்டாசியில் கடை திறந்தால் இந்தக் கேள்வி மாதம் முழுக்க வரும். இங்கே மழுப்பலாக எழுதினால் நம்பிக்கை போய்விடும், அது திரும்ப வருவது கஷ்டம். பன் மேலே பளபளப்புக்கு முட்டை பூசுகிறாரா, பால் பூசுகிறாரா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். பன் மாவில் முட்டை இல்லாமல், மேலே மட்டும் பூசும் பழக்கம் பல இடத்தில் உண்டு, கல்லாவில் நிற்கிற தம்பிக்கு அது தெரியாமல் "முட்டை இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்.

> இன்னிக்கு முட்டை இல்லாதது: பன் (மேல பால்தான் பூசறோம்), தேங்காய் பன், பிரெட், வெஜ் பஃப்ஸ். முட்டை உள்ளது: டீ கேக், முட்டை பஃப்ஸ். ஒரே ஓவன்தான், ட்ரே மட்டும் தனி. அதுவும் வேணாம்னு இருக்கறவங்க காலையில முதல் ஈடு பன்னை வாங்கிக்கங்க, அப்ப ஓவன்ல வேற எதுவும் போகாது.

"ஒரே ஓவன்தான்" என்ற வரியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர் ஒருவர் இருக்கலாம், ஆனால் படித்துவிட்டு வருகிறவர் உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்புவார்.

இன்ஸ்டாவா, வாட்ஸ்அப்பா? ரெண்டுலயும் அதே கேப்ஷனைப் போடலாமா?

தெரு பேக்கரிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் முதலில். பஃப்ஸ் வாங்கப்போகிற அக்கா இன்ஸ்டாவில் இல்லாமல் இருக்கலாம், ஸ்டேட்டஸ் பார்க்காமல் இருக்கமாட்டார். ஆனால் ஒரு சிக்கல் உண்டு: அவர் உங்கள் நம்பரை சேமித்திருக்கவேண்டும், நீங்களும் அவர் நம்பரைச் சேமித்திருக்கவேண்டும், அப்போதுதான் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் அப்படித்தான், உங்கள் நம்பரைச் சேமிக்காதவருக்குச் செய்தி போகாது, ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர் வரைதான். அதனால் கல்லா பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள்: "பஃப்ஸ் எப்ப இறங்குதுன்னு தெரியணுமா? இந்த நம்பரை சேவ் பண்ணி ஒரு ஹாய் அனுப்புங்க." வியாழனும் வெள்ளியும் இதைச் செய்தால்தான் சனி, ஞாயிறு ஸ்டேட்டஸுக்குப் பார்க்க ஆள் இருக்கும்.

ஸ்டேட்டஸில் இன்ஸ்டா கேப்ஷனை அப்படியே ஒட்டாதீர்கள், ஒரு வரி போதும். "பஃப்ஸ் இறங்கிடுச்சு, வெஜ் 60, முட்டை 40." ட்ரே ஓவனிலிருந்து வெளியே வந்த நிமிஷத்தில் போடுங்கள்.

சனி, ஞாயிறு?

சனிக்கிழமைக்கு ரஸ்க் ஏற்கெனவே இருக்கிறது:

> வியாழக்கிழமை சுட்ட பிரெட், இன்னிக்கு ரஸ்க். வெட்டி, ராத்திரி ஓவன்ல மெதுவா காயவெச்சது. கால் கிலோ பாக்கெட் 60 ரூபாய், 25 பாக்கெட்தான் இருக்கு, அடுத்தது செவ்வாய்.

"மிச்ச பிரெட்டை ரஸ்க்காப் போட்டு விக்கிறாங்க" என்று யாராவது கமென்ட் போடலாம். கோபப்படாமல், முந்தின நாள் பிரெட்டில்தான் ரஸ்க் நன்றாக வரும், அன்றைக்கே சுட்டதில் ஈரம் இருப்பதால் வெட்டும்போது நசுங்கும், காயவும் நேரம் எடுக்கும் என்று விளக்கிச் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்துபோகும்.

ஞாயிறு சாயந்திரம் பாதிக் கடலூர் சில்வர் பீச்சில் இருக்கும். கூட்டம் கிளம்புவதற்கு முன் உங்கள் போஸ்ட் போய்ச் சேரவேண்டும், ஆக மதியம் இரண்டு மணிக்கே போடுங்கள், பஃப்ஸையும் அன்றைக்கு மட்டும் அரைமணி முன்னால் இறக்கச் சொல்லுங்கள்.

> சில்வர் பீச் போறீங்களா? இன்னிக்கு பஃப்ஸ் மூன்றரைக்கே இறங்கும். ஆறுக்கு மேல வேணும்னா முன்னாடியே மெசேஜ் போடுங்க, ஏழு மணி வரைக்கும் எடுத்து வெக்கிறோம். நாளைலேர்ந்து தினமும்: பன் ஆறரை, ஸ்லைஸ் பிரெட் பதினொன்றரை, பஃப்ஸ் நாலு.

அந்தக் கடைசி வரியை ஒரு படமாகச் செய்து புரொஃபைலில் மேலே பின் பண்ணிவிடுங்கள்.

போட்டோ எடுக்க ஆள் வைக்கணுமா?

வேண்டாம். காலை வெளிச்சத்தில் கடை வாசல் பக்கமாக ட்ரேயைக் கொண்டுவந்து எடுங்கள், உள்ளே டியூப்லைட்டில் எடுத்தால் பன் சாம்பல் நிறமாகத் தெரியும். கூகுளில் எடுத்த க்ரோசான் படத்தை மட்டும் போடாதீர்கள், அதைக் கேட்டு ஆள் வருவார்கள்.

நாலு மணின்னு போட்டாச்சு, கரன்ட் போயிடுச்சு. இல்லன்னா சரக்கு சீக்கிரமே தீர்ந்துடுச்சு. என்ன பண்றது?

கரன்ட்டில் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக நிறுத்துவதைப் பேப்பரில் முன்னாலேயே போடுவார்கள், வழக்கமாகக் காலையில் ஆரம்பித்து மதியம் தாண்டி வரும். திறப்பு வாரத்தில் அப்படி ஒரு நாள் உங்கள் ஏரியாவுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரத்தை எழுதுங்கள். டீசல் ஓவன், கேஸ் ஓவன் என்றாலும் மிக்சருக்குக் கரன்ட் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

திடீரென்று போனால், போனவுடன் சொல்லுங்கள், நாலு மணி ஆகும்வரை காத்திருக்காதீர்கள். "கரன்ட் இல்ல, பஃப்ஸ் நாலுக்கு வராது. வந்து நாற்பது நிமிஷத்துல இறங்கும், அப்ப ஸ்டேட்டஸ் போடறோம்." தீர்ந்துவிட்டால் இன்ஸ்டா கேப்ஷனின் முதல் வரியை எடிட் பண்ணி "பஃப்ஸ் தீர்ந்தது, அடுத்தது நாளை நாலு மணி" என்று மாற்றுங்கள், ஸ்டேட்டஸில் பழையதை அழித்துவிட்டுப் புதிது போடுங்கள். பழைய ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் ஸ்கூட்டரில் வருவார்.

"பஃப்ஸ் நமத்துப் போயிருந்துச்சு"ன்னு ஒருத்தர் கமென்ட் போட்டிருக்காங்க. அழிச்சுடலாமா?

அழிக்காதீர்கள். கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் ஜாஸ்தி, பஃப்ஸ் மடிப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தளர ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் பார்சல்: சூடான பஃப்ஸை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். எந்த நேரத்தில் வாங்கினார், எந்தக் கவரில் கொடுத்தோம் என்று முதலில் உள்ளே விசாரியுங்கள். அப்புறம் பதில் போடுங்கள்:

> மன்னிச்சுக்கங்க அக்கா. சூடா இருக்கும்போதே பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் கொடுத்திருக்கோம், அதான் நமத்துருச்சு. இன்னிலேர்ந்து பேப்பர் கவர்தான். வீட்ல ஆறிப்போனா எண்ணெய் இல்லாத தோசைக்கல்லுல சின்ன தீயில ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் வெச்சா மொறுமொறுப்பு திரும்பும். அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க, ரெண்டு பஃப்ஸ் மாத்தித் தர்றோம்.

இந்தப் பதிலைப் போடுவதற்கு முன்னால் பேப்பர் கவரை வாங்கி வைத்துவிடுங்கள்.